பட்டு டையை ‘டிரை கிளீனிங்’ கொடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

தம்பியின் ரிசப்ஷனில் கட்டிய, வெள்ளைப் புள்ளி போட்ட கருநீலப் பட்டு டையில் ரசம் சிந்திவிட்டது. மனைவியின் பட்டு ஸ்கார்ஃபோடு சேர்த்து, பகுதியில் பேர் பெற்ற ஒரு டிரை கிளீனிங் கடையில் கொடுத்தேன். திரும்பி வந்த டை, அட்டையில் வெட்டி எடுத்தது மாதிரி தட்டையாக இருந்தது.

நல்ல டையின் ஓரங்கள் தட்டையாக இருக்காது, லேசாக உருண்டு உப்பியிருக்கும். உள்ளே கம்பளியில் ஒரு பட்டை வைத்து, மேலே பட்டுத் துணியைச் சுற்றி, பின்பக்கம் நெடுக ஒரே நூலால் தளர்வாகத் தைத்திருப்பார்கள். அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் ஓரம் கத்தி மாதிரி மடிந்துவிடும், பின்பக்கத் தையல் முன்பக்கம் கோடாகத் தெரியும். என் டையில் இரண்டுமே இருந்தன.

அதைவிட மோசம், முன்பக்கம் பட்டு அலை அலையாகச் சுருங்கியிருந்தது. கடைக்காரர், “சில்க்குன்னா அப்படித்தான் சார் ஆகும்” என்றார். ஆகாது. தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் கம்பளிப் பட்டை ஒரு அளவுக்குச் சுருங்கும், வெளியே இருக்கும் பட்டு வேறு அளவுக்குச் சுருங்கும். அந்த வித்தியாசம்தான் இப்படி அலையாக நிற்கும். டிரை கிளீனிங் என்றால் தண்ணீருக்குப் பதில் கரைப்பானில் துவைப்பது. அதில் இப்படி ஆக வாய்ப்பு குறைவு. துருவிக் கேட்டபோது, “கறை போகலைன்னு லேசா தண்ணி வச்சுத் தேய்ச்சிருப்பாங்க” என்று வந்தது பதில். துவைப்பது வேறு எங்கோ, இவர் துணி வாங்கி அனுப்புகிறவர் மட்டும்தானாம்!

தேய்த்த இடத்தில் வெளிறிய திட்டு ஒன்று. சாயம் போய்விட்டது என்று சமாளித்தார்கள். சாயம் கரைந்திருந்தால் பக்கத்தில் உள்ள வெள்ளைப் புள்ளிகளில் நீலம் இறங்கியிருக்க வேண்டும், அவை பளிச்சென்று இருந்தன. ஈரமான பட்டுத் துணியைத் தேய்த்தால் இழை நுண்ணியதாகப் பிய்ந்து, ஒளி சிதறி, அந்த இடம் நரைத்த மாதிரி தெரியும். சாயம் அப்படியே இருக்கும், பிய்ந்த இழைதான் திரும்பாது. அதனால் கறை பட்ட உடனே உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

பின்பக்கம் தொங்கும் சின்ன நூல் வளையத்தையும், பிசிறு என்று நினைத்து யாரோ நறுக்கியிருந்தார்கள். முடிச்சுப் போடும்போது டை இழுபட்டுத் திரும்ப இடம் கொடுப்பதற்காக விட்டிருக்கும் மிச்ச நூல் அது. வெட்டினால் தையல் மெல்ல நழுவும்.

ஓரத்தை மட்டும் ஓரளவு மீட்டேன். நீராவி இஸ்திரிப் பெட்டியை டைக்கு ஒரு அங்குலம் மேலே, படாமல் பிடித்து ஆவி காட்டினால் மடிந்த ஓரம் மெதுவாக உப்பி வரும். ஆவியைச் சற்றுத் தள்ளியே விட வேண்டும், சொட்டு விழுந்தால் நீர்த்திட்டு.

ஸ்கார்ஃபில் கையால் சுருட்டித் தைத்த விளிம்பையும் நசுக்கியிருந்தார்கள். உண்மையில் அதைக் கடைக்கே கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஸ்கார்ஃபுக்குள் கம்பளிப் பட்டை எதுவும் கிடையாது, அதனால் வீட்டிலேயே அலசலாம். முதலில் ஈர வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். ஒட்டாவிட்டால் குளிர்ந்த நீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு, இரண்டு மூன்று நிமிடம் அலசினால் போதும். சலவைத் தூள் வேண்டவே வேண்டாம். அதன் காரம் பட்டைச் சொரசொரப்பாக்கும், புரதக் கறைக்கென்று சேர்க்கும் என்சைம் பட்டையும் அரிக்கும், பட்டும் புரதம்தானே. பிழியாமல் டவலில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் பரப்பி, லேசான ஈரம் இருக்கும்போதே பின்பக்கமாக, விளிம்பை விட்டுவிட்டு இஸ்திரி போடுங்கள்.

கடையில் தரும் பிளாஸ்டிக் உறையிலேயே பீரோவில் வைப்பவர்கள் உண்டு. ஈரம் அடைந்து பூசணம் பிடிக்கும், கழற்றிவிடுங்கள். டையை முடிச்சு அவிழ்த்து, குறுகிய முனையிலிருந்து தளர்வாகச் சுருட்டி, பருத்தித் துணி விரித்த இழுப்பறையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். பின்னல் டையைத் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

கடைக்குத்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், துவைப்பது இங்கேயா என்று முதலில் கேளுங்கள். பில்லில் ‘தண்ணீர் வேண்டாம், அழுத்தி இஸ்திரி வேண்டாம்’ என்று எழுத வையுங்கள், கொடுக்கும் முன் முன்னும் பின்னும் படம் எடுங்கள். என்னிடம் படம் இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லாமல் போயிருக்கும். பில்லின் பின்னால், சேதமானால் சலவைக் கட்டணத்தின் சில மடங்குதான் தருவோம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். டையின் விலைக்கு அது பக்கத்தில்கூட வராது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். கடையில் இன்னும் ‘ஓனர் ஊரில் இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.