மீல் மேக்கர் ரெண்டு வருஷம்: ஊற வச்சப்புறம் எடை போட்டு நான் ஏமாந்த கதை

ஜிம்முக்கு போக ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, அன்னைலேர்ந்து மீல் மேக்கர்தான் நமக்கு பெரிய புரோட்டீன், சிக்கன் தினமும் வாங்க கட்டுப்படியாகாது. இதுல முதல் எட்டு மாசம் நான் போட்ட கணக்கு மொத்தமும் தப்பு.

பாக்கெட்ல 100 கிராமுக்கு 52 கிராம் புரோட்டீன், 345 கலோரின்னு போட்டிருக்கும். நான் என்ன பண்ணேன்னா, சுடுதண்ணில ஊற வச்சு, நல்லா பிழிஞ்சு, அதுக்கப்புறம் தராசுல வச்சு 100 கிராம் எடுத்துட்டு ஆப்ல சோயா சங்க்ஸ் 100 கிராம்னு போட்டுட்டு போயிட்டே இருந்தேன். முட்டை ரெண்டுல 12, பால் தயிர் பருப்பு சோறு எல்லாம் சேர்த்து 38, இது 52, ஆக 102. நான் 68 கிலோ, டார்கெட் 100, தினமும் பச்சை கலர் காட்டும், மனசுக்கு குளுகுளுன்னு இருக்கும்.

ஆனா வெயிட் மாசத்துக்கு முக்கால் கிலோ இறங்கிட்டே இருந்துச்சு, பெஞ்ச் பிரஸ் அதே இடத்துல நின்னுடுச்சு, ஆப்போ சரியா சாப்பிடுறேன்னு சொல்லுது. முதல்ல தராசு மேலதான் சந்தேகம் வந்துச்சு. ஒருநாள் சும்மா காஞ்சதை 50 கிராம் நிறுத்தி எடுத்து, ஊற வச்சு பிழிஞ்சு திரும்ப வச்சேன், 140 காட்டுச்சு. அப்பதான் மண்டைல உறைச்சுது, அந்த 140லயும் புரோட்டீன் அதே 26தான், மிச்சம் 90 கிராம் வெறும் தண்ணி. அப்படின்னா நான் சாப்பிட்ட 100 கிராம்ல காஞ்ச சரக்கு சுமார் 36 கிராம், புரோட்டீன் 18.6. தினமும் 33 கிராம் இல்லாத புரோட்டீனை எழுதி வச்சிருக்கேன், நிஜ மொத்தம் 69 கூட இல்ல. கலோரியும் அதே கதைதான், 345ன்னு நினைச்சது நிஜத்துல 120 சொச்சம், வெயிட் ஏன் இறங்குச்சுன்னு இப்ப புரியுதா.

சரி, அப்ப 2.8 ஆல வகுத்துட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சேன், அதுவும் சரிப்படல. பிழியுற கைக்கு கை மாறுது. அம்மா லேசா அமுக்கி எடுத்தா 50 கிராம் 165 ஆகுது, நான் துணி முறுக்குற மாதிரி முறுக்கினா 115. ஊறினதுல 100 கிராம் எடுத்தா அம்மா கையில 16 கிராம் புரோட்டீன் கூட இல்ல, என் கையில 22க்கு மேல. பெரிய உருண்டை, மினி, எவ்ளோ நேரம் ஊறுச்சு, எல்லாத்துக்கும் நம்பர் மாறும். ஆப்ல வேற, சமைச்ச சோயான்னு யாரோ போட்ட கணக்கு பத்து கிடக்கும், அவங்க எவ்ளோ பிழிஞ்சாங்கன்னு யாருக்கு தெரியும்?

அதனால இப்ப காஞ்சதை மட்டும்தான் நிறுத்துறேன். தனியா எனக்கு மட்டும்னா ஈசி, 50 கிராம் போட்டா 26, அதுக்கப்புறம் எவ்ளோ ஊதினாலும் கவலை இல்ல. வீட்டுக்கே சேர்த்து பண்ணும்போதுதான் கொஞ்சம் வேலை. போன ஞாயித்துக்கிழமை நாலு பேருக்கு காஞ்சது 200 கிராம், அதாவது மொத்தம் 104 கிராம் புரோட்டீன், பிழிஞ்சப்புறம் மொத்தமா 560 வந்துச்சு. குழம்புல போடுறதுக்கு முன்னாடியே என் பங்கு 140 எடுத்து தனியா வறுத்துக்கிட்டேன், 560ல கால்வாசி, அப்ப புரோட்டீனும் கால்வாசி, 26. இங்க ஊறின எடையை பங்கு பிரிக்க மட்டும்தான் பயன்படுத்துறேன், அன்னைக்கு ஒரே கை பிழிஞ்சதால அது சரியா வரும். எல்லாத்தையும் குழம்புல போட்டுட்டா துண்டு குழம்பையும் குடிச்சிடும், அப்புறம் துண்டை மட்டும் நிறுத்தி ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, பாத்திர எடையை கழிச்சு மொத்த குழம்புல நம்ம கிண்ணம் எத்தனை பங்குன்னு குத்துமதிப்பா பாக்கணும்.

ஜிம்ல ஒரு தம்பிக்கு வேற பயம், பிழியுற தண்ணில புரோட்டீன் போயிடும்ணேன்னு அந்த நுரைத் தண்ணியை அப்படியே குழம்புல ஊத்துறான். அட, இது எண்ணெய் எடுத்த சோயா மாவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தள்ளி பண்ணது, புரோட்டீன் பெரும்பாலும் இறுகிப்போய் தண்ணில கரையாத நிலைக்கு வந்துடும். தண்ணியோட போறதுல முக்கியமா கரையுற சர்க்கரை, உப்பு, அந்த பச்சை வாசனை. வயித்துல கேஸ் உண்டாக்குறதே அந்த சர்க்கரைல ஒரு பங்குதான், அதனால நான் ரெண்டு தடவை தண்ணி மாத்தி பிழியுறேன், கணக்குல 52ஐ மாத்துறதில்ல.

ஒரே ஒரு இடத்துல நிஜமாவே நஷ்டம் உண்டு, கிரானூல்ஸ்ல. அதை கையால பிழிஞ்சா தூளு விரல் இடுக்கு வழியா சிங்க்குக்கு போயிடுது, அதனால பழைய வேட்டித் துணி ஒண்ணு அதுக்குன்னே வச்சிருக்கேன்.