ஓரக் குறிப்பா, தனித்தாளா? நாடகப் பிரதியில் இசையும் மௌனமும் குறிப்பது எப்படி

மேடை நாடகத்துக்கு ஒலிக் குறிப்பு எழுத இரண்டு வழி உண்டு. பிரதியிலேயே, அந்தந்த வசனத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் எழுதுவது ஒன்று. எல்லாவற்றையும் வரிசை எண் போட்டுத் தனியாக ஒரு க்யூ ஷீட்டில் எழுதுவது இன்னொன்று. எது சரி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மனநிலை மாற்றம், சட்டென்று விழும் ஒற்றை அடியான ஸ்டிங், மௌனம் மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால்தான் எந்தத் தாள் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பது தெரியும்.

வேலூரில் நடந்த கதையையே எடுத்துக்கொள்வோம்: 1806 ஜூலை 10, விடியலுக்கு முன் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த இரவு. இரண்டு சிப்பாய்கள் பேசும் சின்னக் காட்சி, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

முதல் சிப்பாய்: தலைப்பாகையில தோலைத் தச்சுக் குடுத்திருக்கான். இத வச்சிக்கினு எந்த மூஞ்சோட ஊருக்குப் போறது?

இரண்டாம் சிப்பாய்: ஊருக்கு அப்புறம் போவலாம். விடியறதுக்குள்ள இங்க ஒரு முடிவு தெரிஞ்சிடும்.

முதல் சிப்பாய்: யாரோ வர்றாங்க. (கை விளக்குக்குப் போகிறது. இருள். வெளியே துப்பாக்கி வேட்டு. மௌனம்.)

இரண்டாம் சிப்பாய்: தொடங்கிட்டாங்க.

இதில் இரவுப் பூச்சிச் சத்தம், தம்பூரா, ஒரு மேள அடி, வேட்டு, மௌனம், கடைசியில் முரசு என்று ஆறு குறிப்புகள் வருகின்றன.

மனநிலை மாற்றத்தில் ஆரம்பிப்போம். பிரதியின் ஓரத்தில் ‘சோகம்’, ‘பதற்றம்’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதிவிடுவதுதான் பரவலான தவறு. சவுண்டு போர்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சொல்லை வைத்துச் செய்ய எதுவுமில்லை. மாற்றத்துக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும்: எங்கே தொடங்குகிறது, எங்கே முழுமையாகிறது. மேலே உள்ள காட்சியில் தம்பூரா ‘தோலை’ என்ற சொல்லில் கேட்காத அளவில் நுழைந்து, ‘விடியறதுக்குள்ள’ என்ற சொல்லில் முழு அளவுக்கு வருகிறது. நடுவே ஏறத்தாழ பதினைந்து நொடி. ஓரக் குறிப்பு இதை அழகாகக் காட்டும். முதல் சொல்லுக்கு நேராகத் தொடங்கி இரண்டாவது சொல் வரை ஓரத்தில் ஒரு கோடு இழுத்தால் போதும், நடிகர் மெதுவாகப் பேசினாலும் வேகமாகப் பேசினாலும் கோட்டைப் பார்த்து ஏற்றலாம். தனித்தாளில் ‘15 நொடி’ என்று மட்டும் இருந்தால், நடிகர் அன்று பத்து நொடியில் பேசி முடித்தாலும் இசை தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். இந்த ஒன்றில் ஓரக் குறிப்புக்கே வெற்றி.

ஆனால் அந்தக் கோடு பக்கம் தாண்டினால் சிக்கல். பூச்சிச் சத்தம் முதல் பக்கத்தில் தொடங்கி நான்காம் பக்கம் வரை ஓடுகிறது என்று வையுங்கள். மூன்றாம் பக்கத்தின் நடுவில் நிற்பவருக்கு அது ஓட வேண்டுமா கூடாதா என்பது தெரியாது, நினைவில்தான் வைத்திருக்க வேண்டும். நடிகர் ஒரு பக்க வசனத்தைத் தாவிவிட்டால், அதுவும் நடக்கக்கூடியதுதானே, எது ஓட வேண்டும், எதை அணைக்க வேண்டும் என்று போர்டில் இருப்பவர் தடுமாறிப்போவார். தனித்தாளில் ‘இப்போது ஓடுவது’ என்று ஒரு பத்தி வைத்தால் இதற்குத் தீர்வு கிடைத்துவிடும்.

| எண் | எப்போது | என்ன, எப்படி | இப்போது ஓடுவது |
|---|---|---|---|
| 10 | விளக்கு ஏறும்போது | பூச்சி, 6 நொடியில் ஏறும் | பூச்சி |
| 30 | ‘தோலை’ | தம்பூரா, ‘விடியறதுக்குள்ள’ வரை ஏறும் | பூச்சி, தம்பூரா |
| 40 | கை விளக்கை நோக்கி நகர்ந்ததும் | மேள அடி ஒன்று, தானாக ஓயட்டும் | பூச்சி, தம்பூரா |
| 50 | முழு இருள் | வேட்டு. அதே நொடியில் 10, 30 வெட்டு | வேட்டின் எதிரொலி மட்டும் |
| 60 | எதிரொலி ஓய்ந்ததும் | மௌனம், 4 நொடி, கையை எடு | எதுவுமில்லை |
| 70 | ‘தொடங்கி’ | முரசு, முழு அளவில் | முரசு |

பத்து பத்தாக எண் போட்டிருப்பதற்குக் காரணம் ஒத்திகை. காவலன் காலடி வேண்டும் என்று பின்னால் தோன்றினால் 20 காலியாக இருக்கிறது. 1, 2, 3 என்று போட்டிருந்தால் எல்லா எண்ணையும் மாற்ற வேண்டிவரும். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே நேரத்தில் ஆட்கள் வாயில் புழங்கும்போதுதான் தவறான சத்தம் மேடைக்குப் போகிறது. கோப்பின் பெயரும் `030_tambura.wav` என்பதுபோல் அதே எண்ணில் தொடங்கட்டும்.

அடுத்தது ஸ்டிங். ஒரு நொடி, இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும் அடி. இதற்கு ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் அது துல்லியமாக இருக்க வேண்டும். ஓரக் குறிப்பு இங்கேயும் முந்துகிறது. எந்தச் சொல் என்பதை வட்டமிட்டே காட்டலாம். ஆனால் தமிழ்ப் பிரதியில் ஒரு பிரச்சினை உண்டு. நம் வாக்கியம் வினைச்சொல்லில் முடிகிறது. நடிகர்கள் முதலில் மாற்றுவதும் அந்த வினையைத்தான். பிரதியில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று இருப்பதை வடாற்காட்டு நடிகர் மேடையில் ‘வந்துகினு கீறாங்க’ என்பார். அடுத்த நாள் ‘வர்றாங்க’ என்று முடித்துவிடுவார். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை நம்பிக் காத்திருப்பவர் அது வராமலே ஏமாந்துபோவார். ஆகவே க்யூவை வினைக்கு முந்தைய பெயர்ச்சொல்லில் மாட்டுங்கள், அல்லது கண்ணால் பார்க்கும் அசைவில் மாட்டுங்கள். மேலே 40ஆம் எண் ‘வர்றாங்க’ என்ற சொல்லில் இல்லாமல் கை நகர்வதில் இருப்பது இதனால்தான். 70இலும் ‘தொடங்கி’ வரைதான் எழுதியிருக்கிறது. மிச்சத்தை நடிகர் எப்படி முடித்தாலும் பாதகமில்லை.

குறித்த இடம் சரியாக இருந்தும் ஸ்டிங் தாமதமாக விழுந்தால், தாளில் தவறு தேடாதீர்கள். காதில் கேட்டு விரல் அழுத்தவே கால் நொடி அளவு ஆகும். லேப்டாப்பிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்பினால் அதில் கொஞ்சம் போகும், கோப்பின் தொடக்கத்தில் வெட்டாமல் விட்ட வெற்றிடம் இன்னும் கொஞ்சம் விழுங்கும். எல்லாம் சேர்ந்தால் இரண்டு மூன்று அசை தள்ளிப்போகும். கேபிள் போடுங்கள், கோப்பின் முன்பக்கத்தைச் சத்தம் தொடங்கும் இடத்திலேயே வெட்டுங்கள். விரலின் தாமதத்துக்கு மட்டும் க்யூவை ஓர் அசை முன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மௌனம். இரண்டு தாள்களும் தோற்றுப்போவது இங்கேதான். பிரதியில் ‘(மௌனம்)’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது நடிகருக்கான குறிப்பாகவே படிக்கப்படும். அவர் பேசாமல் நிற்பார், பின்னால் பூச்சி கத்திக்கொண்டே இருக்கும். தனித்தாளில் எழுதுபவர்களோ தொடங்கும் சத்தங்களை மட்டும் வரிசைப்படுத்துகிறார்கள். மௌனத்துக்குக் கோப்பு கிடையாது, அதனால் வரியும் கிடையாது. 50 முடிந்ததும் 70தான் அடுத்தது என்று போர்டில் இருப்பவரின் விரல் முரசின் மேல் போய் உட்கார்ந்துவிடும். பதற்றத்தில் அழுத்தியும் விடுவார். அதனால்தான் 60 என்று மௌனத்துக்கே ஓர் எண், ‘கையை எடு’ என்று ஒரு கட்டளை. மௌனத்துக்கும் தொடக்கம், முடிவு என இரண்டு புள்ளிகள் உண்டு. தொடக்கம் ஒலிக்காரருடையது, முடிவு நடிகருடையது. நான்கு நொடி என்பது ஒத்திகைக்கான அளவு மட்டுமே, நடிகர் வாய் திறக்கும்வரை போர்டில் எதுவும் நகரக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. வேலூரில் திறந்தவெளி மேடை என்றால் ஜெனரேட்டர் இரைச்சலும் சாலையில் போகும் லாரியும் ஓயாது. அங்கே மௌனத்தைப் புதிதாக உண்டாக்க முடியாது, நாம் ஓட்டிய சத்தத்தை நிறுத்திக் காட்டத்தான் முடியும். பூச்சிச் சத்தம் குறைந்தது அரை நிமிடமாவது ஓடிக் காது அதற்குப் பழகியிருந்தால்தான், அது வெட்டுப்படும்போது கூட்டம் நிமிரும். மௌனத்துக்கு முன் எந்தச் சத்தமும் ஓடாமல் இருந்தால் மௌனம் என்று ஒன்று நடந்ததே யாருக்கும் தெரியாது. வெட்டு வெட்டாகவே இருக்க வேண்டும். மூன்று நொடியில் மெல்ல இறக்கினால் காது அதோடு சேர்ந்து இறங்கிவிடும்.

அந்த வேட்டு ஒன்றே ஒன்றாக இருப்பதும் இந்த மௌனத்துக்குத்தான் உதவுகிறது. அன்றைய துப்பாக்கி குழல் வாய் வழியாக மருந்து இட்டுச் சுடுவது. தேர்ந்த சிப்பாயே நிமிடத்துக்கு மூன்று தடவை சுட்டால் பெரிது. ஒரே துப்பாக்கி படபடவென்று தொடர்ந்து சுடும் சத்தத்தைப் போட்டால் காலமும் தவறு, மௌனத்துக்கும் இடமில்லை.

இப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? அது போர்டில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்தது. குழுவின் ஆளே ஒத்திகை முழுக்க இருந்து நாடகத்தை அறிந்தவர் என்றால் ஓரக் குறிப்பு போதும். மௌனத்துக்கும் எண் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கூத்தில்போல மேளமும் ஆர்மோனியமும் மேடையிலேயே இருந்தால் அவர்களுக்குத் தாளே தேவைப்படாது. ஆட்டக்காரரின் காலையும் குரலையும் பார்த்தே வாசித்துவிடுவார்கள். எங்கே வாசிக்கக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

மாறாக, சவுண்டு சர்வீஸ்காரர் அன்று மாலைதான் பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு உட்காருகிறார் என்றால், தனித்தாளை மட்டும் அவர் கையில் கொடுப்பது பலன் தராது. ‘தோலை’ என்ற சொல் எப்போது வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அங்கே இரண்டு தாளும் வேண்டும். பிரதி ஓரத்தில் எண் மட்டும், விவரம் எல்லாம் தாளில். பிரதியைப் பிடித்துக்கொண்டு குழுவின் ஆள் ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அரை நிமிடத்துக்கு முன் ‘நாற்பது, தயார்’, இடம் வந்ததும் ‘போ’. ‘போ’ என்ற சொல்லை வேறு எதற்கும் அந்த இருவரும் பயன்படுத்தக் கூடாது. 60 வந்தால் ‘கையை எடு’, அவ்வளவுதான்.

எழுதும் முறையில் ஒன்று. ஆங்கிலப் பிரதிகளில் ஒலிக் குறிப்பைப் பெரிய எழுத்தில் அடித்து வசனத்திலிருந்து பிரித்துவிடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதற்குப் பதிலாக மஞ்சள் ஹைலைட்டர் தீட்டினால் ஜெராக்ஸில் அது மறைந்துபோகும். இருட்டில் சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டு படித்தால் சிவப்பு மையும் தெரியாது. எண்ணைக் கறுப்பு மையில் கட்டம் போட்டு எழுதி, வசனத்திலிருந்து விலக்கி வலது ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு வைப்பதுதான் எந்த விளக்கிலும் நிற்கிறது. கடைசி ஒத்திகைக்குப் பின் தேதி போட்டுப் புதுத்தாள் அடித்ததும் பழைய தாள்களை எண்ணி வாங்கிக் கிழித்துவிடுங்கள். ஒன்று தப்பினாலும் அது போர்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும்.