மூன்று வருட வீட்டு டியூஷன்: மகளுக்குக் கிடைத்தது, வகுப்புக்குப் போனது

எட்டாம் வகுப்பில் தொடங்கி பத்து முடியும்வரை, 2022 ஜூனிலிருந்து மூன்று வருடம், என் மகளுக்குக் கணக்கு சொல்லித்தர ஒரு சார் வீட்டுக்கே வந்தார். வாரம் மூன்று நாள், மாதம் 1,500 ரூபாய். அறுபதுகளில் இருந்த மதிப்பெண் எண்பதுகளுக்கு வந்தது. அதை மட்டும் பார்த்தால் குறையே இல்லை.

கல்விச் சமூகவியலில் டியூஷனை 'நிழல் கல்வி' என்பார்கள். பள்ளிப் பாடத்திட்டத்தை அப்படியே பின்தொடர்வதால் அந்தப் பெயர். எங்கள் வீட்டிலோ நிழல் ஒரு வாரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது, ஏனென்றால் பள்ளியில் நடத்துவதற்கு முன்பே முடித்துவிடுவதுதான் சாரின் பெருமை, எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

ஒன்பதாம் வகுப்பில் காரணிப்படுத்துதல் வந்தபோதுதான் இதன் மறுபக்கம் தெரிந்தது. டீச்சர் பலகையில் 6x² − 7x − 3 எழுதியதும் டியூஷன் போகும் பிள்ளைகள் கோரஸாக (2x − 3)(3x + 1) என்று சொல்லிவிட்டார்களாம். நாற்பது பேரில் இருபத்தைந்து பேர் சொன்னால் வகுப்புக்கே புரிந்துவிட்டது என்றுதானே தோன்றும்? டீச்சர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாடத்தை முடிக்கிற அவசரம் அவருக்கு.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே வகுப்பு. எட்டாம் வகுப்புவரை மாலையில் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலரிடம் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் திட்டம் எட்டோடு சரி. ஒன்பதில் அவளுக்கு இருந்தது டீச்சர் மட்டும்தான், அந்த டீச்சரும் மற்றவர்களின் வேகத்துக்குப் போய்விட்டார். அன்று இரவு அவள் வந்து என் மகளிடம், "−7xஐ ஏன் −9x + 2x என்று பிரிக்கணும்?" என்று கேட்டாள். இரண்டையும் கூட்டினால் −7 வரவேண்டும், பெருக்கினால் 6ஐயும் −3ஐயும் பெருக்கிய −18 வரவேண்டும், அப்போதுதான் பொதுக்காரணி (2x − 3) வெளியே வரும். என் மகள் சொன்ன பதில்: "சார் அப்படித்தான் போடச் சொன்னார்." ஒருத்திக்கு விடை தெரியவில்லை, இன்னொருத்திக்குக் காரணம் தெரியவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டிய வகுப்பில் கேள்விக்கே இடமில்லாமல் போனதில் என் 1,500 ரூபாய்க்கும் பங்கு உண்டு.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் எங்கள் சார் எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் இல்லை, அதனால் அது அவரைத் தொடவே தொடாது.

பதினொன்றுக்கும் வருகிறேன் என்றார். சரி என்றேன், வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. பள்ளியில் நடத்தி முடித்த பாடத்தை மட்டும் எடுங்கள் என்று ஒரு நிபந்தனை போட்டேன். மகளுக்கு அது பிடிக்கவே இல்லை, வகுப்பில் முதலில் பதில் சொல்ல முடியாதாம்.