விலை இரண்டு சதவீதம் ஏறுவதா, இறங்குவதா: ஒரு துணிக்கடைக் கணக்கு

எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் என் துணிக்கடையை விரிவாக்கப் பத்து லட்சம் கடன் வாங்கலாமா என்று யோசித்தபோது, "விலையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கினா ஜனத்துக்கு நல்லதுதானே மாமா?" என்று மச்சான் கேட்டான். உட்கார்ந்து, விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று இரண்டையும் கணக்குப் போட்டேன். கடனை வாங்கிவிட்டேன், ஏனென்றால் விலை மெதுவாக ஏறும் என்று நம்புகிறேன்.

வாங்குபவர் கண்ணுக்கு இறங்கும் விலைதான் இனிக்கும், அது தெரிந்ததே. அரிசி, பாலை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். ஆனால் சட்டை, பீரோ, வண்டி காத்திருக்கும். ஆனி மாதம் எங்கள் தெரு காலியாக இருப்பது ஆடித் தள்ளுபடிக்காகத்தான். ஆடி பிறந்ததும் கூட்டம் வந்துவிடும். எல்லா விலையும் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகும் பணவாட்டத்தில் அப்படி ஒரு தேதி கிடையாது. அடுத்த மாதம் இன்னும் குறையும் என்ற எண்ணம் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

என் கவலை அதைவிடத் தவணையில்தான். மாதம் ஆயிரம் சட்டை விற்பதாக வைத்துக்கொள்வோம். வாங்குவது 320, விற்பது 400, மிச்சம் 80,000. வாடகை, ஆள் கூலி 40,000. 12 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனுக்குத் தவணை சுமார் 22,200. என் கையில் நிற்பது 17,800.

நான் வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் இறங்கினால், ஐந்தாம் வருடக் கடைசியில் அதே ஆயிரம் சட்டையில் மிச்சம் 72,300 ஆகிவிடும். கூலியைக் குறைக்க மனம் வராது, வாடகையும் லேசில் இறங்காது. தவணை ஒரு ரூபாய்கூடக் குறையாது. மீதி 10,100. சட்டை விலை பத்து சதவீதம்தான் குறைந்தது. என் வருமானமோ நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. இதில் நூறு பேர் வாங்குவதைத் தள்ளிப்போட்டால் மிஞ்சுவது மூவாயிரத்துக்கும் கீழே. அப்போது ஒரு ஆளை நிறுத்த வேண்டிவரும், அவரும் தன் வீட்டுக்குச் சட்டை வாங்குவதை நிறுத்துவார்.

இரண்டு சதவீதம் ஏறினால்? கூலியும் வாடகையும் அதே அளவு ஏறினாலும் தவணை அப்படியே இருக்கும். மீதி சுமார் 21,900.

பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் 1933-இல் சொன்னதும் இந்தக் கடன் சுமையைத்தான். ஜப்பானில் பல வருடம் விலை தேங்கியும் இறங்கியும் கிடந்ததால், 2013-இல் அந்நாட்டு மத்திய வங்கி இரண்டு சதவீத விலையேற்றத்தையே இலக்காக வைத்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பொருளும் சேர்ந்து வருடக்கணக்கில் இறங்கிய காலத்தில் நான் கடை நடத்தியதில்லை. வாடிக்கையாளர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்பது என் ஊகம். டிவி விலை வருடாவருடம் குறைந்தும் ஜனங்கள் வாங்கத்தானே செய்தார்கள்? ஆனால் அது ஒரு பொருள் மலிவது, அதனால் யார் கூலியும் குறையாது. கடன் இல்லாமல், கையில் ரொக்கத்தோடு இருப்பவருக்கு என் கணக்கு பொருந்தாது. இறங்கும் விலை அவருக்கு லாபம்தான். மச்சானுக்குக் கடன் எதுவும் இல்லை.