முழு சார்ஜுடன் மலை இறங்கினால் ரீஜென் ஏன் ஒளிந்துகொள்கிறது: ரிங்லெட்டில் மின்கார் ஓட்டிய அனுபவம்

கேமரன் மலையில் குடியிருந்துகொண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு, விற்பனையாளர் எவரும் சொல்லித் தராத ஒரு விஷயம் இருக்கிறது. பேட்டரியை இரவில் முழுதாக நிரப்பிவிட்டுக் காலையில் அடிவாரத்திலுள்ள தாப்பாவை நோக்கி இறங்கினால், இந்த வண்டியின் மிகச் சிறந்த குணம் அன்று நமக்குக் கிடைக்காது. அதுதான் ரீஜென். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. மலைச்சாலையில் அதற்கு இணையான சுகம் வேறு இல்லை. ஆனால் வாங்கிக்கொள்ளப் பேட்டரி தயாராக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

நான் ஓட்டுவது 60 கிலோவாட் மணி கொண்ட, எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட் பேட்டரி வண்டி. சில ஆண்டுகளாக ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இதில்தான் போய்வருகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம், இது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் அல்ல. லித்தியம் பேட்டரி உள்ள எல்லாக் கார்களுக்கும் இது பொதுவானது.

நூறு விழுக்காட்டுடன் புறப்படும்போது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஊரைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் வழக்கம்போல் காலை எடுப்போம். வண்டி குறைய வேண்டிய அளவுக்குக் குறையாது, உருண்டுகொண்டே போகும். திரையில் மற்ற நாள்களில் கழித்தல் 30, 40 கிலோவாட் என்று இறங்கும் எண், கழித்தல் 4, 5 என்ற அளவிலேயே நின்றுவிடும். சில வண்டிகளில் ரீஜென் குறைக்கப்பட்டுள்ளது என்ற செய்தி வரும். சிலவற்றில் மின்னளவுப் பட்டையின் பச்சைப் பக்கம் புள்ளிகளாகவோ சாம்பல் நிறமாகவோ மாறும். இன்னும் சில வண்டிகள், ரீஜென் குறைந்த அளவுக்கு வழக்கமான பிரேக்கைத் தாமே பிடித்து ஈடுகட்டிவிடும். அவற்றில் காலுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அப்படிப்பட்ட வண்டியில் கிலோவாட் எண்ணைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

காரணம் எளிமையானது. ஒவ்வொரு பேட்டரிச் செல்லுக்கும் தாண்டக்கூடாத மின்னழுத்த எல்லை ஒன்று உண்டு. எல்எஃப்பி வகைக்கு அது ஏறத்தாழ 3.65 வோல்ட், நிக்கல் கலந்த வகைக்குப் பெரும்பாலும் 4.2 வோல்ட். மின்னோட்டத்தை உள்ளே தள்ளும்போது, செல்லின் உள்தடையால் அதன் மின்னழுத்தம் அந்த நேரத்துக்கு உயர்கிறது. பாதி நிரம்பிய செல்லில் அந்த உயர்வுக்கு இடம் இருக்கும். முழுதாக நிரம்பியது எல்லையிலேயே நிற்பதால் சிறிது தள்ளினாலும் தாண்டிவிடும். எனவே பேட்டரியைக் காவல் காக்கும் கணினி, இதற்கு மேல் வாங்க முடியாது என்று மோட்டாரிடம் சொல்லிவிடுகிறது. சார்ஜரில் கடைசிச் சில விழுக்காடு மட்டும் ஆமை வேகத்தில் ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஈப்போவில் முழு சார்ஜுடன் புறப்பட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மூன்று விழுக்காடு கரைந்துவிடும், ரீஜென் தானாகத் திரும்பிவிடும். மலையில் கதை வேறு. இறங்கும்போது வண்டி மின்சாரத்தைக் கிட்டத்தட்டச் செலவழிப்பதே இல்லை. ஆகவே நூறு என்பது ஏறத்தாழ நூறாகவே நிற்கும், லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியும் 99 காட்டும். ரீஜென் மிகவும் தேவைப்படும் சாலையில்தான், அது திரும்பிவருவதற்கான வாய்ப்பே இல்லாமல் போகிறது. இதை மலைவாசிகள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது தெரிந்துவிடும். ரிங்லெட்டுக்கும் தாப்பாவுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,100 மீட்டர், தூரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆட்களும் பொருள்களும் சேர்த்து வண்டி இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 6 கிலோவாட் மணி. டயர் உராய்வும் காற்றுத் தடையும் அதில் பாதியைத் தின்றுவிடும். மீதி 3 கிலோவாட் மணியை ரீஜென் எடுத்தால், வழி இழப்புகள் போக இரண்டரை அளவு பேட்டரிக்கு வந்து சேரும். என் வண்டியில் அது நான்கு விழுக்காடு.

அப்படியானால் 96 விழுக்காட்டில் நிறுத்தினால் போதுமா என்று கேட்கலாம். போதாது. மொத்த ஆற்றலுக்கு இடம் இருந்தாலும், அது எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்பதும் முக்கியம். அறுபதில் வரும் வண்டி ஒரு வளைவுக்காக ஐந்து வினாடியில் முப்பதுக்குக் குறைய வேண்டுமென்றால், அந்த ஐந்து வினாடியும் சுமார் 40 கிலோவாட் வெளியே வருகிறது. ஏறத்தாழ நிரம்பிய பேட்டரி அந்த வேகத்தில் விழுங்காது. அதனால் நான் 90 விழுக்காட்டில் நிறுத்துகிறேன். எல்எஃப்பியில் மின்னழுத்தம் கிட்டத்தட்டக் கடைசி வரை சமமாகவே இருப்பதால் 90 எனக்குத் தாராளம். நிக்கல் வகையில் மின்னழுத்தம் சீராக ஏறிக்கொண்டே போகிறது. அதை வைத்திருப்பவர்கள் 80 அல்லது 85 என்று வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் விற்ற செவ்ரலே போல்ட் காரின் தொடக்க மாடல்களில், மலையுச்சியில் வசிப்பவர்களுக்காகவே ‘ஹில்டாப் ரிசர்வ்’ என்ற அமைப்பை வைத்திருந்தார்கள். அதை இயக்கினால் ஏறத்தாழ 90 விழுக்காட்டிலேயே சார்ஜ் நின்றுவிடும். எவ்வளவு அக்கறையான வேலை! இன்றைய கார்களில் சார்ஜ் வரம்பை நாமே குறிக்க முடிவதால் அதே பயன் கிடைக்கிறது.

எங்கள் தோட்டத்தில் பல ஆண்டுகள் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் என்னுடன் ஒருநாள் தாப்பாவுக்கு வந்தார். வண்டியில் ஏறும்போதே கேட்டுவிட்டார்: “தம்பி, கியரே இல்லாத வண்டியில் எப்படி மலை இறங்குவாய்?”

“மோட்டார் பிடித்துக்கொள்ளும், ஐயா. இதோ இந்த ‘B’ நிலையில் போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.”

“அது பிடிக்காத நாளில்?”

அவர் கேட்டது சரியான கேள்வி. பெட்ரோல் காரில் கியரைக் குறைத்தால் எஞ்சின் பிடிக்கும். டாங்க் நிறைந்திருக்கிறதா, காலியா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மின்காரில் ‘B’ என்பது கியர் அல்ல, ரீஜென் அளவைக் கூட்டும் ஒரு கட்டளை. பேட்டரி வாங்க மறுத்தால் ‘B’யில் போட்டும் பயன் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘B’யை நம்பி இறங்குபவர்கள் பலர்.

பிடிக்காத நாளில் மிஞ்சியிருப்பது சாதாரண பிரேக் மட்டும்தான். பயப்பட வேண்டியதில்லை, ரீஜென் இல்லாததால் அதன் வலிமை குறைந்துவிடாது. மேலே சொன்ன 3 கிலோவாட் மணியை ஒரு மணி நேரப் பயணத்தில் பரப்பினால் சராசரி 3 கிலோவாட் வெப்பம், நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து. அதைத் தாங்கும். ஆனால் சரிவு கூடிய இடங்களில் அது சராசரியைப்போல் நான்கைந்து மடங்காகும். அங்கே பெடலை இலேசாக மிதித்தபடியே வந்தால் பிரேக் வட்டும் பேடும் ஆறவே ஆறாது. கருகல் வாடை வரும். பெடலை வழக்கத்தைவிட ஆழமாக அழுத்த வேண்டிவரும். அப்படி ஆனால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். பெரியவர் சொன்னதும் இதுதான்: வளைவுக்கு முன்பே உறுதியாக மிதித்து வேகத்தைக் குறை, பிறகு முழுதாக விட்டுவிடு, காற்று படட்டும். லாரிக்காரர்களின் பாடம் மின்காருக்கும் அப்படியே பொருந்துகிறது.

இனிக் குளிர். நம் மலையில் விடியற்காலை 15, 16 டிகிரி இருக்கும். அந்த நேரத்தில் என் வண்டியின் ரீஜென் சற்றுக் குறைவது எண்ணில் தெரிகிறது, காலுக்குத் தெரிவதில்லை. வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகும் நாடுகளில்தான் இது நன்றாக உறைக்கிறது. உறைநிலையை நெருங்கும்போது பல வண்டிகளில் ரீஜென் ஏறத்தாழ நின்றே போகிறது. காரணமும் வேறு. குளிரில் உள்தடை கூடுவதோடு, லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைவதும் மெதுவாகிறது. அப்போது வேகமாகச் சார்ஜ் செய்தால் அவை உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்காது, பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அதனால்தான் பேட்டரி பாதி காலியாக இருந்தாலும் குளிரில் கணினி ரீஜென்னைத் தடுக்கிறது. எது காரணம் என்று கண்டுபிடிப்பது சுலபம். சார்ஜ் 60, 70 இருக்கும்போதே காலையில் ரீஜென் குறைந்து, ஓட ஓடத் திரும்பினால் அது குளிர். வண்டி சூடான பிறகும் திரும்பாமல், சார்ஜ் இறங்கியதும் திரும்பினால் அது நிறைவு. இரண்டும் சேரும் காலையில்தான் மிகவும் பலவீனமாக இருக்கும். இறக்கத்தில் பேட்டரிக்கு வேலை குறைவு என்பதால் அது சூடேறுவதும் மெதுவாகவே நடக்கும். சார்ஜிங் நேரத்தை நள்ளிரவில் முடியும்படி வைக்காமல் புறப்படும் நேரத்தை ஒட்டி முடியும்படி வைத்தால், செல்கள் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்.

எல்எஃப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மின்னழுத்தம் சமமாகவே இருப்பதால் எத்தனை விழுக்காடு மீதி என்று கணினிக்குத் துல்லியமாகத் தெரியாது. அவ்வப்போது நூறு வரை நிரப்பிக் கணக்கைச் சரிசெய்யச் சொல்வார்கள். அதை நான் மலைமேல் செய்வதில்லை. ஈப்போவில் உறவினர் வீட்டில் தங்கும்போது நிரப்பிக்கொள்கிறேன். திரும்பி வரும் ஏற்றத்தில், தாப்பாவிலிருந்து ரிங்லெட் வருவதற்குள்ளேயே பத்துக் கிலோவாட் மணிக்கு மேல் செலவாகிவிடுகிறது.

கோலாலம்பூரிலிருந்து மின்காரில் மேலே வந்து தங்கும் நண்பர்கள் விடுதியின் சார்ஜரில் இரவு முழுக்க வண்டியை மாட்டிவிட்டுத் தூங்குவதைப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது, படுக்கப் போகும் முன் கைப்பேசிச் செயலியில் வரம்பை 85க்குக் குறைத்துவிடுங்கள் என்பதுதான். விட்டுவைக்கும் பதினைந்து விழுக்காட்டால் வழியில் நின்றுவிடுவோமோ என்று சிலர் தயங்குகிறார்கள். தாப்பா வரைக்கும் இறக்கம் என்பதால், அங்கே போய்ச் சேரும்போதும் திரையில் 85க்குக் குறையாமல்தான் இருக்கும்.