அடக்கத்தில் 25 சதவீதமா, விற்பனையில் 25 சதவீதமா?

கருப்பட்டி வியாபாரத்தில் நான் இப்போது விற்பனை விலையை வைத்துத்தான் லாபச் சதவீதம் போடுகிறேன். அடக்க விலையில் போடுவது தப்பில்லை, மனக்கணக்காகச் சட்டென்று வரும். உடன்குடிச் சரக்கு வண்டி வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து கிலோ 320 ரூபாய் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கால்வாசி 80. ஆக விலை 400.

சிக்கல் கமிஷனில்தான் வரும். குற்றாலத்தில் சாரல் சீசனுக்குக் கடை போடுகிறவர், "அண்ணாச்சி, பதினஞ்சு பர்சென்ட் குடுங்க, சரக்க நான் தள்ளிவிடுதேன்" என்பார். 25ல் 15 போனால் 10 நிற்கும் என்று மனசு சொல்லும். ஆனால் நம்முடைய 25 என்பது 320 ரூபாயின் மேல். அவர் கேட்கும் 15 என்பது 400 ரூபாயின் மேல். அவருக்கு 60 போனால் நமக்கு மிச்சம் 20 ரூபாய். விற்பனையில் வெறும் 5 சதவீதம். அவரே 20 சதவீதம் கேட்டிருந்தால் 80 ரூபாயும் அவரோடு போயிருக்கும். கமிஷன், தள்ளுபடி, கார்டு கட்டணம் எல்லாமே விற்பனை விலையில் பிடிப்பவை. லாபத்தையும் அதே விலையில் வைத்தால்தான் நேராகக் கழிக்க முடியும்.

மாற்றுவதற்குப் பின்னம்தான் சுலபம். அடக்கத்தில் நாலில் ஒன்று என்றால் விற்பனையில் ஐந்தில் ஒன்று. மூன்றில் ஒன்று என்றால் நாலில் ஒன்று. மேலே ஒன்று இருக்கும் பின்னமானால் கீழே இருக்கும் எண்ணில் ஒன்று கூட்டினால் போதும், திரும்பி வரும்போது ஒன்று குறைக்க வேண்டும். விற்பனையில் 25 சதவீதம் வேண்டுமா? அடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்ற வேண்டும். 320க்கு விலை சுமார் 427 ஆகிறது. அதில் 15 சதவீதக் கமிஷன் போனாலும் ஏறக்குறைய 43 ரூபாய், அதாவது 10 சதவீதம், நிற்கும். எக்செல் தாளில் A2ல் அடக்க விலை இருந்தால்:

```
=A2*(1+25%)   → 400
=A2/(1-25%)   → 426.67
```

முதல் வரி அடக்கத்தின் மேல், இரண்டாவது விற்பனையின் மேல். பெருக்கல் இருக்க வேண்டிய இடமா, வகுத்தலா என்று பார்த்தாலே எது தவறிப்போனது என்று தெரிந்துவிடும். ஜிஎஸ்டி உள்ள சரக்குக்கு வரி சேர்க்காத விலையில் கணக்குப் போடுங்கள்.

இருப்பு எடுக்கும்போதும் இந்தக் குழப்பம் தலைகாட்டும். அடக்கத்தில் 25 ஏற்றி 4 லட்சத்துக்கு விற்றால், போன சரக்கின் அடக்கம் 3,20,000. யாராவது 4 லட்சத்தில் 25 கழித்து 3,00,000 என்று எழுதினால் 20,000 ரூபாய்ச் சரக்கு காணாமல் போனதாகத் தெரியும். கடைப்பையன் மேல் சந்தேகப்படுவதற்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

தினமும் விலை மாறும் காய்கறி மாதிரிச் சரக்குக்கு அடக்கத்தின் மேல் போடுவதே தோதாக இருக்கலாம். அந்த வியாபாரத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. கமிஷன் கொடுக்காத, தள்ளுபடி போடாத கடைக்கும் அதுவே போதும். கணக்கில் எந்த விலையின் மேல் போட்ட சதவீதம் என்று மட்டும் எழுதி வையுங்கள்.