திருச்சியில் என்னை இன்ஜினியர் ஆக்கிவிட்டார்கள்

நம் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்காகப் போடும் அபோஸ்டில் முத்திரை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2022 டிசம்பரில் சவூதிக்கும் அபோஸ்டில் ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு, தூதரக முத்திரைக்காகத் தவம் கிடந்த பழைய கதை போய்விட்டது. எங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ் ஏஜெண்ட் கையில் போனது, முத்திரையோடு வந்தது. என் விடுமுறையைத் தின்றது அந்தச் சான்றிதழில் இருக்கும் இரண்டு பெயர் வரிகள்தான்.

மனைவியை, சவூதியில் நான் வேலை பார்க்கும் தம்மாமுக்கு அழைத்துப்போக அந்தச் சான்றிதழ் அரபியில் வேண்டும். அங்கே முத்திரை போட்டுத் தரும் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குத் தமிழ் தெரியாது. ஊரிலிருந்து கொண்டுபோகும் வரைவில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் எடுத்து எழுதுவார்கள். அதனால் வரைவைத் திருச்சியிலேயே முடித்துவிடலாம் என்று, பாஸ்போர்ட், விசா, அரபி டைப்பிங் எல்லாம் ஒரே பலகையில் எழுதியிருந்த கடைக்குப் போனேன். "வாட்ஸப்ல போட்டோ போட்டுட்டுப் போங்கண்ணே, சாயங்காலம் ரெடி" என்றான் பையன். தம்மாமில் எந்த டைப்பிங் கடையில் ஏறினாலும் முதலில் சவூதிக் குடியிருப்பு அட்டையான இகாமாவின் நகலையும் பாஸ்போர்ட் நகலையும் கேட்டு வாங்கிவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவார்கள். இங்கே கேட்டது "எத்தனை பக்கம்?" என்பது மட்டும்.

ஒரிஜினல் அப்போது ஏஜெண்டிடம் இருந்ததால், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மனைவி முன்பு எடுத்த போட்டோதான் கையில். அதுவும் பேனாவால் எழுதிய சான்றிதழ். சாயங்காலம் வந்த தாளில் என் மாமனார் பரணி, 'பாணி' ஆகியிருந்தார். கையெழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். உறையின் பளபளப்பில் புள்ளிகளும் பாதி காணாமல் போயிருந்தன. தமிழ் படிக்கத் தெரிந்தவன்தானே, யோசித்திருக்க வேண்டாமா என்று முதலில் கோபம் வந்தது. ஆனால் பெயரை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. மனைவியின் பாஸ்போர்ட்டில் `BHARANI` என்று பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பார்த்தால் தீர்ந்தது.

அடுத்தது என் முறை. சான்றிதழில் 'மு. செந்தில்குமார்'. பையன் அந்த 'மு.'வை அப்படியே `م.` என்று போட்டுவிட்டான். இனிஷியல் நம் ஊர் வழக்கம், அரபியில் கிடையாது. அங்கே பெயருக்கு முன்னால் மீம் எழுத்தும் புள்ளியும் வந்தால் 'முஹந்திஸ்', அதாவது இன்ஜினியர் என்றுதான் படிப்பார்கள். நான் கணக்குப் பிள்ளை. சவூதியில் இன்ஜினியர் என்றால் பொறியாளர் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரத்தில் ஒரு பட்டம், இகாமாவில் வேறு தொழில் என்று கவுண்டரில் நின்று விளக்கம் சொல்ல யாருக்கு வேண்டுதல்?

இனிஷியலை விரித்து எழுதலாமா என்றால், மொழிபெயர்ப்பவர் மூலத்தைத் திருத்தக் கூடாது. ஆனால் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் 'பாஸ்போர்ட்டின்படி' என்று குறிப்பிட்டு, முழுப் பெயரை அரபியிலும் ஆங்கில எழுத்திலும் பாஸ்போர்ட் எண்ணோடு கொடுக்கலாம். படிப்பவருக்கு 'மு.' என்பது முத்துக்குமாரசாமி என்று அதிலேயே தெரிந்துவிடும். பையனுக்கு இது புதுச் செய்தி. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லண்ணே."

பெயரிலேயே பெரிய சண்டை. செந்தில் என்பதை நாம் சொல்வது 'ஸெந்தில்', தகரம் மெலிந்து ஒலிக்கும். பையன் காதில் கேட்டபடி தால் எழுத்தைப் போட்டு `سيندل كومار` என்று எழுதியிருந்தான். ஒலிக்கு அது நியாயம்தான். ஆனால் பாஸ்போர்ட்டில் நான் `SENTHILKUMAR`. அதிலுள்ள th-ஐப் பார்த்து என்றோ ஒருவர் ஸா எழுத்தைப் போட்டு, இகாமாவில் `سينثيل كومار` என்று ஏறிவிட்டது. என் சம்பளக் கணக்கு, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் எல்லாம் அந்த ஸாவோடுதான் ஓடுகின்றன. இனி என் பெயர் அரபியில் அதுதான், நடுவில் இருக்கும் இடைவெளி உட்பட. சரியான உச்சரிப்பு என்று யாராவது திருத்தினால் காகிதத்தில் நான் வேறு ஆள்.

பையன் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பள்ளி நாட்களில் எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு அரபி சொல்லிக்கொடுத்த ஹஜ்ரத்தைத் தேடிப் போனேன். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகும் சபுராளிகளின் காகிதங்கள் எல்லாம் அவர் திண்ணையில்தான் அரபி ஆகும். கண் மங்கியிருக்கிறது, நாக்கு அப்படியே இருக்கிறது. தாளை வாங்கியவர் மூலத்தைக் கேட்கவில்லை. "நான் படிக்கிறேன், நீ இங்கிலீஷ்ல எழுது தம்பி" என்றார். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதி, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டோம். எது பொருந்துகிறது, எது தவறுகிறது என்று சடசடவென்று தெரிந்தது. சான்றிதழைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு இப்படித் திருப்பிப் படிக்க வைப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

எதில் கவலைப்பட வேண்டாம் என்பதும் அங்கேதான் புரிந்தது. தமிழில் ஒரே பகரம், பாலனா பழனியா என்று ஆங்கிலத்தில் B, P என்று பிரியும். அரபியில் P இல்லை, இரண்டுமே பே எழுத்துதான். குழப்பமெல்லாம் தகரத்திலும் ககரத்திலும், பிறகு நம் ழகரத்திலும்.

மனைவி பெயர் கயல்விழி, பாஸ்போர்ட்டில் `KAYALVIZHI`. காதுக்குச் சரியாக வேண்டுமானால் லகரத்துக்கான லாம் எழுத்தைப் போட்டு 'கயல்விலி' என்று வரும். எழுத்துப்படி போனால் `كايالفيزهي`, அதாவது 'காயால்ஃபீஸ்ஹி' மாதிரி. அவளுக்கு இன்னும் இகாமா இல்லை, அதனால் இங்கே தேர்வு எங்கள் கையில். ஹஜ்ரத்துக்கு லாம்தான் பிடித்தது. "இவ்வளவு அழகான பேரைக் கடிச்சுத் துப்பணுமா?" என்றார். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு zh-லிருந்து லாம் எப்படி வந்தது என்று புரியாது, z-க்கு ஸாயும் h-க்கு ஹேயும் வந்தால் புரியும். விசா விண்ணப்பத்திலும் சான்றிதழிலும் ஸாய்-ஹேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். வீட்டில் அவள் கயல்தான்.

கடைக்குத் திரும்பினால் இன்னொரு வில்லங்கம். பையன் உருது கீபோர்டில் அடித்திருக்கிறான். உருதுவின் `ک`, `ی` எழுத்துகள் அரபியின் `ك`, `ي` எழுத்துகளைப் போலவே தெரிந்தாலும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. சொல்லின் கடைசியில் யே எழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி இல்லையென்றால் சந்தேகப்படலாம். காகிதத்தில் பாதகமில்லை, அந்தக் கோப்பிலிருந்து பெயரை வெட்டி இணையதளத்தில் ஒட்டித் தேடினால் 'பதிவு இல்லை' என்று வரலாம். என் இகாமா விவரத்திலிருந்து பெயரை நானே நகலெடுத்து அவன் வேர்டு கோப்பில் ஒட்டினேன். மனைவி, மாமனார் பெயர்களை அரபி கீபோர்டில் திரும்ப அடிக்க வைத்தேன்.

ஒன்று மட்டும் எந்தக் கடையாலும் ஆகாது. சான்றிதழிலேயே குமார் என்பது குமரன் என்று இருந்தால் அரபியில் வளைத்து எழுதிப் பயனில்லை. பதிவு அலுவலகத்தில் திருத்தம் வாங்கிய பிறகுதான் மொழிபெயர்ப்பு. எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

பில்லில் 'கரெக்ஷன் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தான். "தப்பு உன்னோடதுடா" என்றேன். "நீங்க போட்டோவை டாக்குமெண்டா அனுப்பியிருக்கணும்ணே, போட்டோவா அனுப்பினா வாட்ஸப் அமுக்கிடும்" என்றான். அது உண்மைதான், காசைக் கொடுத்துவிட்டேன்.